மஞ்சள், வெள்ளை, சிவப்பு பின் உள்ள பழைய சாதனத்தைப் புது டிவியில் இணைப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தக்கலையில் டிவி பழுது பார்க்கும் கடை வைத்திருக்கிறேன். கிறிஸ்துமஸ் தள்ளுபடியில் புது டிவி வாங்கிய வீடுகளிலிருந்து ஜனவரி பிறந்ததும் ஆட்கள் வருவார்கள். கையில் பழைய வீடியோ கேசட் டெக்கோ டிவிடி பிளேயரோ இருக்கும், கூடவே அதன் ஏவி கேபிளும் இருக்கும். அவர்கள் கேட்பதையும் நான் சொல்வதையும் இங்கே எழுதியிருக்கிறேன்.

புது டிவிக்குப் பின்னால மூணு கலர் ஓட்டையே இல்லியே அண்ணே, எச்டிஎம்ஐ மட்டும்தான் இருக்கு. கன்வெர்ட்டர் வாங்கியே ஆகணுமா?

வாங்குவதற்கு முன் டிவியின் பின்பக்கத்தை டார்ச் அடித்து இன்னொரு தடவை பாருங்கள். இயர்போன் செருகுவது போன்ற சின்ன வட்டத் துளை ஒன்று இருக்கலாம். பக்கத்தில் AV IN என்று எழுதியிருக்கும், சில டிவியில் துளையைச் சுற்றி மஞ்சள் வளையம் இருக்கும். பழைய மூன்று துளைகளையும் இந்த ஒரே துளைக்குள் அடக்கிவிட்டார்கள். இடம் மிச்சம் பிடிக்க அப்படிச் செய்கிறார்கள்.

இதற்குத் தனி கேபிள் உண்டு. ஒரு முனையில் இயர்போன் பின் போல ஒன்று, மறுமுனையில் மஞ்சள், வெள்ளை, சிவப்பு மூன்றும். டிவி வந்த அட்டைப்பெட்டியில் மேனுவலோடு சேர்ந்து கிடக்கலாம், பலர் அதைப் பிரிக்காமலே பரணில் போட்டுவிடுகிறார்கள். முதலில் அங்கே தேடுங்கள்.

பக்கத்திலேயே ஹெட்போனுக்கு இன்னொரு துளை இருக்கலாம். பார்க்க ஒன்றுபோலவே இருக்கும், ஆனால் அது சத்தம் வெளியே போகும் வழி. அதில் செருகினால் படம் வராது. எழுத்தைப் படித்துவிட்டுச் செருகுங்கள். செருகிய பிறகு ரிமோட்டில் சோர்ஸ் பட்டனை அழுத்தி AV என்பதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். சில டிவிகளில் பின் உள்ளே போன பிறகுதான் அந்தப் பெயரே பட்டியலில் தெளிவாகும்.

செட்டாப் பாக்ஸோட வந்த அதே மாதிரி கேபிள் வீட்ல கெடந்துச்சு. அதைச் செருகினா படம் வரல, டர்ர்னு ஒரு சத்தம் மட்டும் வருது. டிவி போயிருச்சா?

டிவி நன்றாகத்தான் இருக்கிறது. அந்த டர்ர் சத்தம் நல்ல துப்பு. அதைக் கேட்டாலே படத்துக்கான சிக்னல் ஆடியோ கம்பி வழியாக ஸ்பீக்கருக்குள் போய்க்கொண்டிருக்கிறது என்று தெரிந்துகொள்ளலாம். நம் ஊர் முறையில் படம் வினாடிக்கு 50 தடவை புதுப்பிக்கப்படுகிறது, அந்த 50 துடிப்பைத்தான் காது டர்ர் என்று கேட்கிறது.

காரணம் இது. அந்தச் சின்னப் பின்னில் மூன்று கருப்பு வளையங்கள் இருக்கும். அவை பின்னை நான்கு பகுதிகளாகப் பிரிக்கின்றன: படத்துக்கு ஒன்று, இடது சத்தத்துக்கு ஒன்று, வலது சத்தத்துக்கு ஒன்று, எர்த்துக்கு ஒன்று. எந்தப் பகுதி எதற்கு என்பதில் எல்லாக் கம்பெனிகளும் ஒரே வரிசையைப் பின்பற்றவில்லை. அதனால் ஒரு பாக்ஸின் கேபிள் இன்னொரு டிவிக்குப் பொருந்தாமல் போகலாம், வெளியே பார்த்தால் வித்தியாசம் தெரியாது. இரண்டே வளையம் இருந்தால் அது வெறும் இயர்போன் வகை, இதற்கு ஆகாது.

போன வருடம் குளச்சலிலிருந்து ஓய்வுபெற்ற டீச்சர் ஒருவர் கூப்பிட்டிருந்தார். அவர் கல்யாண கேசட் 1994-ல் எடுத்தது. டெக்கும் அந்தக் காலத்தில் வளைகுடாவிலிருந்து வந்தது. டிவி மட்டும் புதிது, 43 அங்குலம். டெக்கின் மஞ்சள் துளையில் கேபிளின் மஞ்சள் பின்னைத்தான் செருகியிருந்தார்கள், எல்லாம் சரியாகத்தான் தெரிந்தது. திரை கருப்பு, வலது ஸ்பீக்கரில் மட்டும் டர்ர்.

நான் செய்தது ஒன்றே ஒன்று. கேபிளின் மஞ்சள் பின்னைக் கழற்றிவிட்டு, சிவப்புப் பின்னை டெக்கின் மஞ்சள் துளையில் செருகினேன். உடனே படம் வந்துவிட்டது. அந்த கேபிளில் மஞ்சளும் சிவப்பும் இந்த டிவி எதிர்பார்ப்பதற்கு நேர்மாறாக இருந்தன, அவ்வளவுதான். பிறகு வெள்ளைப் பின்னை டெக்கின் ஆடியோ துளையில் கொடுத்தேன். டெக்குக்கு ஒரே ஆடியோ துளைதான் என்பதால் இடது ஸ்பீக்கரில் மட்டும் சத்தம் வந்தது. ஒன்றை இரண்டாகப் பிரிக்கும் சின்ன பின் ஒன்றைப் போட்டு, மிச்சமிருந்த மஞ்சளையும் அதில் சேர்த்ததும் இரண்டு பக்கமும் சத்தம் கேட்டது. பின் தலையில் இருக்கும் நிறம் வெறும் பிளாஸ்டிக்தான். மூன்று கம்பியும் ஒரே வேலை செய்யக்கூடியவை.

மூன்று பின்னையும் மாற்றி மாற்றிப் போட்டும் படம் வரவில்லையென்றால் எர்த் இடம் மாறியிருக்கிறது. மல்டிமீட்டர் இருந்தால் பீப் அடிக்கும் இடத்தில் வையுங்கள். ஒரு முனையை மஞ்சள் பின்னின் வெளி உலோக வளையத்தில் வைத்து, மறு முனையால் சின்னப் பின்னின் நான்கு பகுதிகளையும் ஒவ்வொன்றாகத் தொடுங்கள். எங்கே பீப் அடிக்கிறதோ அதுதான் எர்த். டிவி மேனுவலில் உள்ள படத்தோடு அது ஒத்துப்போகவில்லையென்றால் அந்த கேபிளை விட்டுவிடுங்கள், எப்படி மாற்றிச் செருகினாலும் சரிவராது.

இன்னொன்றும் பார்த்துக்கொள்ளுங்கள். சுவரில் மாட்டிய டிவியில் பின் முழுதாக உள்ளே போகாமல் கொஞ்சம் வெளியே நின்றாலும் இதே கோளாறு வரும், ஏனென்றால் நான்கு பகுதியும் ஒரு படி தள்ளி உட்கார்ந்துவிடும். ‘டிக்’ என்று உட்காரும்வரை தள்ளுங்கள்.

எங்க டிவில அந்தச் சின்ன ஓட்டையும் இல்ல. என்ன கன்வெர்ட்டர் பாக்ஸ் வாங்கணும்? ஆன்லைன்ல ஒண்ணு வாங்கி ‘No Signal’னு நிக்குது.

முதலில் பாக்ஸின் மேல் எழுதியிருப்பதைப் படியுங்கள். உங்களுக்கு வேண்டியது AV2HDMI. அதே அளவில், அதே நிறத்தில் HDMI2AV என்றும் ஒன்று விற்கிறார்கள். அது எச்டிஎம்ஐ உள்ள புதுச் சாதனத்தைப் பழைய குண்டு டிவியில் பார்ப்பதற்கு. ஒன்று மற்றதன் வேலையைச் செய்யாது. குளச்சல் டீச்சரின் மகன் முதலில் வாங்கியது இந்தத் தப்பானதைத்தான்.

அடுத்தது கரண்ட். பழைய சாதனத்திலிருந்து வருவது அனலாக் சிக்னல், எச்டிஎம்ஐ கேட்பது டிஜிட்டல். ஒன்றை மற்றொன்றாக மாற்ற உள்ளே ஒரு சிப் ஓட வேண்டும், அதற்கு 5 வோல்ட் வேண்டும். பாக்ஸோடு வரும் யுஎஸ்பி வயரை டிவியின் யுஎஸ்பி துளையிலோ பழைய போன் சார்ஜரிலோ கொடுங்கள். வயர் கொடுக்காமல் விட்டதால் ‘No Signal’ என்று நின்ற பாக்ஸ்களை நான் எண்ணி முடியாது. பாக்ஸில் விளக்கு எரிகிறதா என்று பார்த்தாலே தெரிந்துவிடும்.

ஒரு பக்கம் எச்டிஎம்ஐ, மறுபக்கம் மூன்று கலர் பின், நடுவில் பாக்ஸே இல்லாத வெறும் கேபிள் ஒன்றும் விற்பனையில் இருக்கிறது. தயவுசெய்து வாங்காதீர்கள். மாற்றித்தர உள்ளே எதுவும் இல்லாத கேபிளால் உங்கள் டெக்கின் படத்தை டிவிக்குக் கொண்டுவர முடியாது.

பாக்ஸில் 720P, 1080P என்று ஒரு சுவிட்ச் இருக்கும். எதில் வைத்தாலும் படத்தில் புதிதாக நுணுக்கம் சேராது. எதில் டிவி தடங்கலில்லாமல் ஓடுகிறதோ அதில் விட்டுவிடுங்கள்.

டிவிடி போட்டா நல்லா ஓடுது, டெக்குல கேசட் போட்டா மட்டும் படம் வெட்டி வெட்டி நீலமாயிருது. பாக்ஸ் கெட்டுப்போச்சா, டெக்கு கெட்டுப்போச்சா?

பெரும்பாலும் இரண்டுமே கெடவில்லை. கண்டுபிடிக்க ஒரு எளிய வழி இருக்கிறது. கேசட்டை வெளியே எடுத்துவிட்டு டெக்கின் மெனுவைத் திரையில் வரவழையுங்கள். மெனு ஆடாமல் நின்றால் கேபிளும் பாக்ஸும் சரி, சிக்கல் டேப்பிலிருந்து வரும் சிக்னலில்தான்.

டேப் என்பது சுற்றிச் சுற்றி இழுபடும் பிளாஸ்டிக் நாடா. முப்பது வருடத்தில் கொஞ்சம் நீண்டிருக்கும், சுருங்கியிருக்கும். அதனால் படத்தின் ஒவ்வொரு வரியும் வரவேண்டிய நேரத்துக்குக் கொஞ்சம் முன்னேயோ பின்னேயோ வருகிறது. குண்டு டிவி அந்த ஆட்டத்தோடு சேர்ந்து ஆடி, படத்தை விடாமல் காட்டிக்கொண்டிருந்தது. விலை குறைந்த கன்வெர்ட்டரின் சிப்புக்கு அந்தப் பொறுமை கிடையாது. நேரம் தப்பியதும் சிக்னலே இல்லை என்று முடிவுசெய்து நீலத் திரையைப் போட்டுவிடும், மறுபடி பிடிக்க ஒன்றிரண்டு வினாடி எடுத்துக்கொள்ளும்.

அதனால்தான் முதல் கேள்வியிலேயே AV IN துளையைத் தேடச் சொன்னேன். டெக்கைப் பொறுத்தவரை டிவியின் சொந்தத் துளை சின்னப் பாக்ஸைவிடப் பெரும்பாலும் நன்றாகத் தாங்குகிறது. டீச்சர் வீட்டில் இரண்டாவதாக வாங்கிய சரியான பாக்ஸிலும் தாலி கட்டும் இடம் வரும்போதெல்லாம் நீலமாகிக்கொண்டிருந்தது. அதே கேசட் டிவியின் துளை வழியாக ஒரு தடவைகூட நிற்காமல் ஓடியது.

துளை இல்லாத டிவியென்றால் டெக்கின் டிராக்கிங் பட்டனை அழுத்தி, கோடுகள் குறையும் இடத்தில் நிறுத்திப் பாருங்கள். டெக்கின் ஹெட்டைச் சுத்தம் செய்தாலும் பல நேரம் சரியாகிறது. வீட்டில் பழைய டிவிடி ரெக்கார்டர், அதாவது பதிவுசெய்யும் வகை, இருந்தால் டெக்கை அதன் உள்வழியில் கொடுத்து, அதன் வெளிவழியிலிருந்து பாக்ஸுக்கு எடுங்கள். பல ரெக்கார்டர்கள் சிக்னலின் ஆட்டத்தைக் குறைத்து அனுப்பும்.

படத்தின் அடிவிளிம்பில் ஒரு மெல்லிய பட்டை நெளிந்துகொண்டே இருப்பது மட்டும் கோளாறு அல்ல. ஒரு ஹெட்டிலிருந்து மற்ற ஹெட்டுக்கு மாறும் இடம் அது. எல்லா டேப்பிலும் உண்டு. குண்டு டிவி படத்தின் ஓரத்தைச் சட்டத்துக்குள் மறைத்ததால் நாம் அதைப் பார்த்ததில்லை.

படம் வருது, சத்தம் வருது, ஆனா கருப்பு வெள்ளையா இருக்கே?

முதலில் பின்னைப் பாருங்கள். டிவிடி பிளேயரின் பச்சைத் துளையிலிருந்து வயர் எடுத்து மஞ்சளில் செருகியிருந்தால் கருப்பு வெள்ளைதான் வரும். பச்சையில் வெளிச்சம் மட்டுமே வருகிறது, நிறம் வேறு இரண்டு வயரில் தனியாக வருகிறது. சில டிவிகளில் மஞ்சளுக்கும் பச்சைக்கும் ஒரே துளைதான். அங்கே வயர் சரியாக இருந்தாலும், சோர்ஸில் கம்போனென்ட் என்று தேர்ந்தெடுத்திருந்தால் நிறம் போய்விடும். AV-க்கு மாற்றுங்கள்.

அடுத்த காரணம் நாட்டு முறை. நம் ஊரில் PAL, அமெரிக்காவில் NTSC. இரண்டிலும் நிறத்தை ஏற்றி அனுப்பும் அலைவரிசை வேறு வேறு. அமெரிக்காவிலிருந்து உறவினர் அனுப்பிய கேசட் என்றால் டெக்கிலும் டிவியிலும் கலர் சிஸ்டம் AUTO-வில் இருக்கிறதா என்று பாருங்கள். டிவிடி பிளேயரென்றால் மெனுவில் TV TYPE என்ற இடத்தில் PAL வையுங்கள்.

இரண்டும் சரியாக இருந்தும் நிறம் வந்து வந்து போனால் கேபிளோ பின்னோ பழசாகிவிட்டது. ஒரே கம்பியில் வெளிச்சமும் நிறமும் சேர்ந்து வரும்போது, நிறம் மேலடுக்கு அலையில் ஏறி வருகிறது, அரைகுறைத் தொடர்பில் முதலில் தேய்ந்து போவது அதுதான்.

டிவிடி பிளேயர்ல அஞ்சு பின் இருக்கு, அதுல ரெண்டு சிவப்பு. எது எதுக்கு?

பச்சை, நீலம், சிவப்பு மூன்றும் படத்துக்கு. வெள்ளையும் இன்னொரு சிவப்பும் சத்தத்துக்கு. கேபிளைப் பார்த்தால் மூன்று பின் ஒன்றாக ஒட்டியும் இரண்டு பின் தனியாக ஒட்டியும் இருக்கும், அதை வைத்தே பிரித்துவிடலாம். தனித்தனி வயரென்றால் தப்பை டிவியே சொல்லிவிடும். இரண்டு சிவப்பும் இடம் மாறினால் முகத்தில் சிவப்பு போய்ப் பச்சை அடிக்கும், கூடவே அந்த டர்ர் சத்தம். நீலமும் படச் சிவப்பும் மாறினால் ஆட்கள் நீல முகத்தோடு வருவார்கள். பச்சை கழன்றால் படமே இருக்காது, ஏனென்றால் படத்தை நிறுத்திப் பிடிக்கும் துடிப்பு பச்சையில்தான் வருகிறது.

இந்த ஐந்து பின் முறைக்கு மூன்று பின் கன்வெர்ட்டர் உதவாது. ஐந்து துளையும் உள்ள கம்போனென்ட்-எச்டிஎம்ஐ பாக்ஸ் தனியாக வாங்க வேண்டும். வாங்கினால் வித்தியாசம் தெரியும். வெளிச்சமும் நிறமும் கலக்காமல் வருவதால் எழுத்துகளின் ஓரத்தில் புள்ளி ஊர்வது போன்ற நெளிவு போய்விடும்.

ஒரு எச்சரிக்கை. பிளேயர் ரிமோட்டில் P-SCAN என்று ஒரு பட்டன் இருக்கும். மஞ்சள் பின்னில் பார்த்துக்கொண்டிருக்கும்போது கை தவறி அதை அழுத்தினால் பல பிளேயர்களில் படம் மறைந்துவிடும், சத்தம் மட்டும் வரும். மறுபடி அதையே அழுத்துங்கள். சில பிளேயர்களில் V-MODE என்ற பட்டன் இந்த வேலையைச் செய்யும், ஒவ்வொரு அழுத்துக்கும் ஐந்து வினாடி பொறுத்துப் பாருங்கள். பிளேயர் போய்விட்டது என்று கடைக்குத் தூக்கி வந்தவர்கள் எத்தனையோ பேர், பட்டனை அழுத்திக் காட்டிக் காசு வாங்காமல் அனுப்பியிருக்கிறேன்.

எல்லாரும் குண்டா தெரியுதாங்க, படமும் மங்கலா இருக்கு.

குண்டாகத் தெரிவது அகலத்தால். பழைய படம் 4:3 அளவு, கன்வெர்ட்டர்கள் அதை இழுத்து முழுத் திரைக்குப் பரப்பிவிடும். டிவியின் பட அளவு மெனுவில் 4:3 வையுங்கள். இரண்டு பக்கமும் கருப்பு வரும், முகம் சரியாகிவிடும்.

மங்கல் ஓரளவுக்குத்தான் தீரும். டிவிடியின் ஒரு படத்தில் 720-க்கு 576 புள்ளி, அதாவது சுமார் 4 லட்சம். ஃபுல் எச்டி டிவியில் 20 லட்சத்துக்கு மேல், 4கே டிவியில் 80 லட்சத்துக்கு மேல். இல்லாத புள்ளிகளை டிவி ஊகித்து நிரப்புகிறது. கேசட்டில் நுணுக்கம் இன்னும் குறைவு. ஷார்ப்னெஸைக் கூட்டினால் ஓரங்களில் வெள்ளைக் கோடு விழுந்து இன்னும் மோசமாகும். அதைப் பூஜ்யத்துக்குப் பக்கத்தில் கொண்டுவந்து, வழக்கத்தைவிட இரண்டடி தள்ளி உட்கார்ந்து பாருங்கள்.

பையனோட பழைய கேம் பாக்ஸை மாட்டினேன், பட்டன் அழுத்தினா லேட்டா குதிக்குது.

டிவி படத்தை மெருகேற்றும் நேரம்தான் பெரும்பாலும் காரணம். பட மெனுவில் கேம் மோடு போடுங்கள். அது எச்டிஎம்ஐ-க்கு மட்டுமே கிடைக்கும் டிவிகளும் உண்டு. இந்த ஒரு விஷயத்தில் கன்வெர்ட்டர் பாக்ஸ் வழியே போவது நல்லதாக இருக்கலாம், இரண்டையும் ஆடிப் பார்த்து முடிவுசெய்யுங்கள்.

எங்க வீடு முட்டத்துல, கடலுக்குப் பக்கம். பின்னெல்லாம் பச்சை பிடிச்சுக் கெடக்கு. புளி போட்டுத் தேய்க்கலாமா?

வேண்டாம். குத்துவிளக்கு துலக்கப் புளி நல்லதுதான், ஏனென்றால் பிறகு தண்ணீரில் நன்றாகக் கழுவிவிடுகிறோம். பின்னையும் துளையையும் அப்படிக் கழுவ முடியாது. இடுக்கில் தங்கும் புளிப்பும் ஈரமும் உலோகத்தை மேலும் அரிக்கும். உப்புத்தாளும் வேண்டாம், மேல்பூச்சு உரிந்தால் அடுத்த மழைக்காலத்துக்குள் இரட்டிப்பாகப் பச்சை பிடிக்கும்.

மின்சாரத்தைத் துண்டித்துவிட்டு, எலக்ட்ரானிக்ஸ் கடையில் கிடைக்கும் ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலைக் காது பஞ்சுக் குச்சியில் தொட்டுத் துடையுங்கள். உள் ஊசி, வெளி வளையம் இரண்டையும் துடைக்க வேண்டும். டெக்கின் துளைக்கும் இதே வைத்தியம். காய்ந்ததும் பின்னைச் செருகி, இடமும் வலமுமாக நாலைந்து தடவை திருகுங்கள், ஒட்டியிருக்கும் படலம் உரசலில் போய்விடும். வெளி வளையம் தளர்ந்திருந்தால் மூக்குக் குறடால் மெதுவாக ஒடுக்குங்கள். தளர்ந்த வளையத்தால்தான் பல வீடுகளில் ஸ்பீக்கர் ‘உம்ம்’ என்று இரைகிறது.

செருகும்போது கையில சுருக்குனு ஷாக் அடிக்குது.

செருகும்போது இரண்டு சாதனத்தின் பிளக்கையும் சுவரிலிருந்து எடுத்துவிடுங்கள், கேபிள் டிவி வயரையும் கழற்றிவிடுங்கள். எர்த் இல்லாத இரண்டு பின் சாதனங்களில் லேசான கசிவு இருக்கும். உடம்பை அது ஒன்றும் செய்யாது, ஆனால் கன்வெர்ட்டரின் சிப் அதில் போகலாம். லேசாக இல்லாமல் கை உதறும்படி அடித்தால் அந்தச் சாதனத்தை மறுபடி போடாமல் பழுது பார்ப்பவரிடம் காட்டுங்கள்.

எல்லாம் மாட்டியாச்சு. கேசட் மட்டும் உள்ள வெள்ளைப் பொடி மாதிரி இருக்கு, போடலாமா?

போடாதீர்கள். அது பூஞ்சை, நம் மாவட்டத்து ஈரக்காற்றில் பீரோவுக்குள் வைத்த கேசட்டிலும் வரும். டெக்கில் போட்டால் ஹெட்டில் ஒட்டும், அடுத்து போடும் நல்ல கேசட்டுக்கும் பரவும், டேப் ஒட்டிக்கொண்டு கிழியவும் கிழியும். கேசட்டின் சின்ன ஜன்னல் வழியாக டேப் சுற்றின் ஓரத்தை வெளிச்சத்தில் பாருங்கள். வழவழவென்று கருப்பாக இருந்தால் போடலாம். வெள்ளைப் புள்ளியோ வலையோ தெரிந்தால் கேசட்டைத் தனி பையில் கட்டி, சுத்தம் செய்யத் தெரிந்தவரிடம் கொடுங்கள். டீச்சரிடம் அப்படி ஒரு கேசட் இருந்தது, மகளின் முதல் நன்மை விழா. அதை டெக்கில் போடாமல், சுத்தம் செய்யக் கடைக்கு எடுத்து வந்துவிட்டேன்.